அம்மாவின் இடது கை

செத்த பிறகும் அம்மாவின் கையை மாற்றப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அம்மா தையல்காரி, இடது கைக்காரி. கல்யாணமான புதிதில் அவர் இடது கையில் ஊசியை எடுத்தாலே அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அளவுகோலால் புறங்கையில் ஒன்று போடுவாராம். அம்மா எதிர்த்துப் பேசியதில்லை. இடது கைக்கென்றே செய்த கத்தரிக்கோலைத் தேடிப்பிடித்து வாங்கி, சொந்தமாகக் கடை போட்டார். கடைசிவரை அந்தக் கத்தரிக்கோலை வேறு யாரும் தொட விட்டதில்லை.

அம்மா துணி வெட்டுகிற படம் ஒன்றுகூட இல்லை. முகம் தெளிவாக இருந்தது ஒரு விருந்தில் எடுத்த படத்தில்தான். அதில் இடது கையில் ஜூஸ் கிளாஸ். அதையும், கத்தரிக்கோலை மட்டும் போனில் எடுத்த படத்தையும் ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து, "அம்மா இதப் பிடிச்சிருக்கற மாதிரி வேணும், கடைல மாட்டணும்" என்றேன்.

போய்ப் பார்த்தால், கிளாஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் கத்தரிக்கோலைச் சொருகி வைத்திருந்தார். வளையத்துக்குள் ஒரு விரல்கூட இல்லை. நீளமோ முழங்கை வரைக்கும்.

"எங்கம்மா துணி வெட்டினாங்களா, மரம் வெட்டினாங்களா?"

"கிட்டக்க வெச்சு எடுத்திருக்கீங்க. பக்கத்துல வேற எதுவுமே இல்ல. எவ்ளோ பெருசுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கிளாஸ் பிடிச்ச விரல வெச்சும் ஒண்ணும் பண்ண முடியாது. கத்தரிக்கோலோட நீங்க வாங்க."

நியாயம்தான். போனேன். விருந்துப் படத்தில் வெளிச்சம் வந்த பக்கமே விளக்கை வைத்தார். அதே உயரத்தில் கேமராவை வைத்தார். சின்ன வளையத்தில் இடது கட்டைவிரலையும் பெரிய வளையத்தில் மற்ற விரல்களையும் நுழைத்தேன்.

"சும்மா பிடிக்காதீங்க, வெட்டப் போற மாதிரி பிடிங்க."

என் கையையும் கத்தரிக்கோலையும் பிரிக்காமல் எடுத்து, அம்மாவின் உள்ளங்கை அளவுக்குச் சேர்த்தே சுருக்கி, மணிக்கட்டில் ஒட்டினார். வளையத்தின் நிழல் விரலில் விழுந்தது. அம்மா அப்படியே நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டம் போட்ட படத்தை வாங்கப் போனால், கத்தரிக்கோல் வலது கையில்! இடது கன்னத்து மச்சமும் வலது கன்னத்துக்குப் போயிருந்தது.

"படத்த அப்படியே திருப்பிட்டேன். உங்க அத்தைதான் போன் பண்ணி, வலது கைல இருந்தாத்தான் லட்சணம்னாங்க."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. உயிரோடு இருந்தபோது அடித்தது போதாதா?

"படம் கேட்டது நானா அவங்களா? திருப்புங்க. அது வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

திருப்பினார்.

படத்தைக் கடையில் மாட்டிய அன்று அத்தை வந்தார். அண்ணாந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"கடைசில அந்தக் கைதானா?"

"அம்மா கை இல்ல அத்தை, அது என் கை" என்று அளவுகோலை எடுத்து அவரிடம் நீட்டினேன். "அடிக்கணும்னா இப்ப அடிங்க."