விடைபெற்று முடிக்காத பக்கத்து வீட்டுக்காரர்

இங்கே லாஸ் ஏஞ்சல்ஸில் நான் வேலை பார்க்கும் அறையில் யாரும் சிரிப்பதில்லை. நல்ல நகைச்சுவை ஒன்றைச் சொன்னால், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் “ஃபன்னி” என்று முணுமுணுத்துக் குறித்துக்கொள்வார். டெலிவிஷனுக்கு வாரம் ஓர் அரைமணி நேரக் கார்ட்டூன் குடும்பக் கதை எழுதும் கூட்டம் இது. கார்ட்டூன் படங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த என்னை ஒரே ஒரு கதைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். குரல் கொடுக்கும் நடிகர்கள் வாசிக்கும்போது சிரிப்பு வராவிட்டால் மறுபடியும் தூரிகைதான்.

நாயகன் வெளியூருக்கு மாற்றலாகிப் போவது கதை. அதில் விடைபெற்று முடிக்காத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை நுழைத்தேன். அவரை எங்கே பிடித்தேன் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! அத்தாவின் கூட்டாளி வரதன் மாமா ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூருக்கு எங்கள் வீடு தேடி வருவார். “அப்ப போயிட்டு வரேன் பாய்” என்று எழுந்தவர் வாசலிலேயே வெகுநேரம் நிற்பார். “இருங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன்” என்று அத்தா செருப்பை மாட்டுவார். பேச்சில் இரண்டு பஸ் போய்விடும், அடுத்ததில் அத்தாவும் ஏறிவிடுவார். பிறகு அத்தாவை வழியனுப்ப மாமா ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்புவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

தலைமை எழுத்தாளர் வால்டருக்கு இது புரியவில்லை.

“ஏன் அவர் வீட்டுக்குப் போகவில்லை? மனைவியோடு சண்டையா?”

“இல்லை, பிரியம்.”

“பிரியத்துக்கு எவன் சிரிப்பான்?”

நான் எல்லாக் காட்சியிலும் அவரை ஒரே மாதிரி வாசலில் நிறுத்தியிருந்தேன். வால்டர் பாதியை அடித்தார். திரும்ப வரும் நகைச்சுவை ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏற வேண்டுமாம். முதலில் வாசல், அடுத்து கேட், மூன்றாவதாகப் பஸ்ஸுக்குள் இருவரும். நாயகன் மட்டும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்து, “காலையில் வேலை இருக்கிறது” என்பான். அதன்பின் அவரை அடியோடு மறைத்துவிட வேண்டும், பார்ப்பவர்கள் மறந்தால்தான் கடைசியில் வந்து நிற்கும்போது சிரிப்பு வெடிக்கும். நடக்கிற படங்களையும் தெருவையும் புதிதாக வரையாமல் பழையதையே திரும்பப் போடலாம் என்பதால் வரைபவர்களுக்கும் கொண்டாட்டம்.

கடைசிக் காட்சிதான் உதைத்தது. சாமான் லாரிக்குள்ளிருந்து அவர் எட்டிப்பார்க்கட்டும் என்றேன். “அதைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள்” என்றார் வால்டர். குரல் பதிவு முடிந்தால் அதற்கேற்ப வாயசைவு வரைந்துவிடுவார்கள், பிறகு ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. பதிவோ மறுநாள். யோசித்து யோசித்து, ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று திருச்சி ஜங்ஷனில் வண்டி ஊதியபிறகும் அத்தாவிடம் பேசிக்கொண்டே நான் பிளாட்பாரத்தை விட்டு ஏறாமல் நின்றது நினைவுக்கு வந்தது. துள்ளிக் குதித்தேன். போக மாட்டாமல் நிற்க வேண்டியவன் நாயகன்!

மறுநாள் வாசித்தார்கள். லாரி உறுமுகிறது, மனைவி கூப்பிடுகிறாள். நாயகன் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு காலை வைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் கொட்டாவி விட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்: “காலையில் வேலை இருக்கிறது.” நடிகர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். வால்டரின் பல்லை அன்றுதான் பார்த்தேன். “எழுத்தாளர் அறையில் அந்த நாற்காலி இனி உன்னுடையது” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒளிபரப்பான மாலை, நான் தங்கியிருக்கும் விடுதியின் கூடம் முழுக்கச் சிரித்தது. திரையில் அந்தக் கடைசிப் படத்தை அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். நானும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நம் ஊருக்கு டெலிவிஷன் இன்னும் வரவில்லை. அப்படியே ஓடிப்போய், “உங்களையும் மாமாவையும் பார்த்துத்தான் இவ்வளவு பேர் சிரிக்கிறாங்க அத்தா” என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.