காளியாயியின் ஐந்து தாவல்

காளியாயி கண்ணாடிக் குண்டை உடனே எடுக்கமாட்டார். ஆட்காட்டி விரலைப் பலகைக்கு ஒரு நெல்லளவு மேலே பிடித்து, தாவப்போகும் வழி முழுவதையும் காற்றிலேயே நடந்து பார்ப்பார். தாண்ட வேண்டிய குண்டின் மேல் விரல் போகும்போது மூச்சை நிறுத்துவார். அடுத்த காலிக் குழிக்கு வந்ததும் விடுவார். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்த விரல். நுனியில் கறை இன்னும் போகவில்லை.

பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் நிலம் நகர்ந்து சுவர்கள் வெடித்த பிறகு, பத்துக் காம்பரா லயத்தில் ஒரே வரிசையில் அறைக்கு ஒரு குடும்பமாக இருந்த எங்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறக்கியிருந்தார்கள். யாரோ கொடுத்த உடுப்பு மூட்டைக்குள் அந்தச் சைனீஸ் செக்கர்ஸ் பலகையும் வந்தது. ஆறு முனை நட்சத்திரம், கண்ணாடிக் குண்டுகள். இறங்கி வராதவர் ஒருவர்தான்: காளியாயியின் கணவர் ஆண்டியப்பன். மாடு இருக்கிறது என்றார். மதியம் சாப்பிட மட்டும் வருவார், இருட்டுவதற்குள் ஏறிவிடுவார்.

அவர் கொண்டுவரும் செய்திகளில் எங்களுக்குச் சோறு இறங்காது.

"நேத்து ஏழாங் காம்பரா கதவு தானா தொறந்துச்சு. சாத்திட்டுத் திரும்புறேன், எட்டாவது தொறக்குது."

"தரை சரியுது மாமா, அதான்," என்றான் பக்கத்துக் காம்பரா லோஜன்.

"சரியட்டும். அதுக்கு ஏன் வரிசையா தொறக்கணும்? நான் இருமுனா, சொவத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு ஆள் இருமுறான்டா."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவர் மட்டும்தான் சிரிப்பார்.

காளியாயி கெஞ்சினார், ஏசினார், இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு பலகையை அவர் முன்னால் தள்ளினார்.

"நான் ஜெயிச்சா நீங்க மேல போகக்கூடாது."

"நீயா? சரி புள்ள, வை."

ஆளுக்குப் பத்துக் குண்டு. எதிர் முனையை முதலில் நிரப்புகிறவருக்கு வெற்றி. பக்கத்துக் குழிக்கு ஒரு அடி நகரலாம். இல்லையென்றால் ஒட்டி நிற்கும் குண்டை, அது யாருடையதானாலும், தாண்டி நேர் அடுத்த காலிக் குழியில் இறங்கலாம். வழி இருக்கும்வரை அங்கிருந்து தாவிக்கொண்டே போகலாம். வெட்டுவது கிடையாது.

ஐந்து நாள் காளியாயி தோற்றார். தன் நீலக் குண்டு ஒன்றைக் கணவரின் சிவப்புக்கு முன்னால் தனியாக நிறுத்துவார். அவர் அதன்மேல் ஏறித் தாண்டிப் போவார். போய், மூடுபனிக்குள் மலையேறிவிடுவார். ஐந்தாம் நாள் அவர் போன பிறகு, பக்கத்துப் பாயில் இருந்து ஆட்டத்தைப் பார்த்துவந்த வினோதா சொன்னாள்:

"அக்கா, ஒத்தக் குண்டு மறிக்காது. அண்ணனுக்கு நீங்களே ஏணி வக்கிறீங்க. மறிக்கணும்னா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ரெண்டு ஒட்டி வைங்க. இல்லாட்டி அவரு வழிய விட்டு வெலகிருங்க."

ஆறாம் நாள் மழை. ஜன்னல் வழியாக மூடுபனி மண்டபத்துக்குள் வந்து, பாய்களுக்கு மேல் இடுப்பளவில் நின்றது. காளியாயி விலகி விலகியே ஆடினார். ஒன்பது நீலம் சேர்ந்துவிட்டது. பத்தாவது மட்டும் புறப்பட்ட முனையின் முன்வரிசையிலேயே நின்றது. நடந்தால் பத்து முறை நகரவேண்டும். ஆண்டியப்பனுக்கு ஐந்து சிவப்பு வெளியே. அவற்றில் நாலைக் குழி விட்டுக் குழி, வளைந்து வளைந்து, தான் தாவி வரத் தோதாக நிறுத்தியிருந்தார். அந்த வரிசைக்கும் காளியாயியின் குண்டுக்கும் நடுவே இரண்டு குழி இடைவெளி. ஐந்தாவதை எடுத்து நேராகக் காளியாயியின் குண்டின் மூக்கில் வைத்தார்.

"இப்ப எங்கடி போவ?"

அந்தச் சிவப்புக்குப் பின்குழி காலி.

காளியாயியின் விரல் எழுந்தது. ஐந்து முறை மூச்சு நின்றது. பிறகு குண்டை எடுத்தார். இடம், வலம், இடம், வலம், இடம். கடைசி இறக்கத்தில் எதிர் முனை நிரம்பியது.

ஆண்டியப்பன் அந்த ஐந்து சிவப்பையும் விரலால் தொட்டு எண்ணினார். "நானேதான் வச்சிருக்கேன்," என்றார்.

"அப்ப இருங்க. மாட்ட லோஜன் அவுத்துட்டு வருவான்."

"கதவையெல்லாம் யாரு சாத்துறது?"

பலகையை மடிக்கும்போது ஒரு சிவப்புக் குண்டு நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. மெதுவாக, வேகம் குறையாமல் உருண்டு, பாய்களுக்கு நடுவே போய், கரும்பலகைக்குக் கீழே சுவரில் முட்டும்வரை அது நிற்கவில்லை. அவ்வளவு நேரமும் அந்தச் சத்தத்தை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். காளியாயி மட்டும் கேட்கவில்லை. கணவருக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு காளியாயியின் முகத்தில் அன்றுதான் தூக்கம் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு கடிதத்துக்காகப் போன அரசாங்க அலுவலகத்தின் சுவரில் எங்கள் மலையின் மண்சரிவு வரைபடத்தைப் பார்த்தேன். மஞ்சள் என்றால் கவனமாக இருக்கவேண்டிய இடம். சிவப்பு என்றால் உடனே வெளியேறவேண்டிய இடம். எங்கள் லயம் மஞ்சளில் இருந்தது. பள்ளிக்கூட மண்டபம் சிவப்பில்.