வான்கூவரில் இன்னும் முப்பத்தொன்று

எந்த ஊரில் இப்போது மணி எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆமத்தூர் இசைவாணி சொல்லிவிடுவாள். ஆக்லாந்துக்காரன் பல் விளக்குகிற நேரமும் சிகாகோக்காரன் கொட்டாவி விடுகிற நேரமும் அவளுக்கு அத்துப்படி. ஆமத்தூருக்கு டவுன் பஸ் எப்போது வரும் என்பது மட்டும்தான் தெரியாது. அது பஸ்ஸை ஓட்டுகிறவருக்கே தெரியாத சங்கதி.

சிவகாசி ரோட்டில் முத்துக்கிருஷ்ணன் முதலாளியின் காலண்டர் அச்சாபீஸ் இருக்கிறதே, அதன் மேல்மாடியில்தான் அவள் வேலை. கீழே முதலாளி தினசரி காலண்டர் அடித்தார். மேலே அவர் மகன் ஹரிஷ்குமார் நூலகங்களுக்கும் சங்கங்களுக்கும் மென்பொருள் எழுதி நாலைந்து நாடுகளுக்கு விற்றான். கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் மேலே டீ டம்ளர் நடந்தே பக்கத்து மேசைக்குப் போய்விடும். ஒருமுறை ஒரு டம்ளர் படியிறங்கிக் கேட் வரைக்கும் போய்விட்டதென்றும், வாட்ச்மேன் பிடித்துக்கொண்டு வந்தாரென்றும் ஆபீசில் சத்தியம் பண்ணுவார்கள்.

ஆறு வருடமாகப் பில் போடுகிறவள் இசைவாணி. அவள் அம்மா சண்முகத்தாய் பட்டாசுக் கம்பெனியில் தரையில் குத்தவைத்துத் திரி முறுக்கியே முழங்கால் மூட்டைத் தேய்த்தவள். "ஏப்ரல் பொறக்கட்டும், கணக்கு மேனேஜர் நீதாம்மா" என்று முதலாளி சொன்ன அன்றைக்கு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அவள் சொன்னது சம்பளத்தைப் பற்றி அல்ல.

"கை வச்ச நாற்காலிம்மா. சுத்துமாம்."

"சுத்துற நாற்காலியில ஒக்காந்து எப்படிடி கணக்குப் பாப்ப? தல கிறுகிறுக்காது?" என்றாள் சண்முகத்தாய். ஆனால் மறுநாள் கம்பெனி வேனில் ஏறியவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நாற்காலிக்கு நாலு கை என்கிற அளவுக்கு அது வளர்ந்தும் விட்டது.

அந்த நாற்காலியை இசைவாணி சும்மா சம்பாதிக்கவில்லை. முன்பெல்லாம் பில் போட்ட நொடியைத்தான் மென்பொருள் குறித்து வைக்கும். திறந்து பார்க்கிறவன் ஊர்க் கடிகாரத்தை அனுசரித்துத் தேதி காட்டும். இங்கே காலை ஒன்பதுக்குப் போட்ட பில், சிகாகோவில் முதல்நாள் தேதியோடு திறக்கும். பணம் கட்டுகிற முப்பது நாள் கெடுவை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவதென்று மாதாமாதம் வாய்ச்சண்டை. இசைவாணிதான் ஹரிஷ்குமாரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"பில் தேதிங்கறது கடியாரம் இல்ல சார், காலண்டர்த் தாளு. பில் போடுற நம்ம ஊர்ல அன்னிக்கு என்ன தேதியோ அதுதான். எந்த ஊர்ல தொறந்தாலும் அதையே காட்டணும். எத்தன மணிக்கு அனுப்புனோம்கிறத வேணும்னா தனியா எழுதி வச்சுக்கோங்க."

அவனும் அப்படியே மாற்றி, தேதியை யாரும் திருத்த முடியாதபடி பூட்டினான். சண்டை ஓய்ந்தது.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலு மணிக்கு வான்கூவர் தமிழ்ச் சங்க நூலகத்தின் பில்லோடு கீழே போனாள். கம்பெனிக்கு அதுதான் பெரிய பில். அங்கே மானியக் கணக்கு மார்ச்சோடு முடிகிறது. முப்பத்தொன்றோ அதற்கு முந்தியோ தேதி போட்ட பில்லுக்குத்தான் பணம் என்று பொருளாளர் சீனிவாசகம் மூன்று தடவை எழுதியிருந்தார். முதலாளி சரியென்றால்தான் பில் நம்பரும் தேதியும் விழும்.

முதலாளி காலண்டர் புரூஃபிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம். பெரிய காரியம் ஒண்ணும் என் கையால போகக் கூடாது. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு அனுப்பு."

"நாளைக்குன்னா ஏப்ரல் ஒண்ணாயிருமே முதலாளி?"

"நமக்குத்தானம்மா ஒண்ணு? நம்ம ஒம்பது மணின்னா அங்கன என்ன நேரம்?"

"முப்பத்தொண்ணு ராத்திரி எட்டரை."

"பெறகென்ன? நல்ல நேரமும் ஆச்சு, நாளும் ஆச்சு." தாம் அடித்த காலண்டரைத் தாமே நம்புகிற மனிதர். பலகாரக் கடைக்காரர்கூட அவ்வளவு துணிய மாட்டார்.

அங்கே எத்தனை மணியானாலும் பில்லில் விழப்போவது இந்த ஊர்த் தேதிதான் என்பது இசைவாணிக்குத் தெரியும். அந்த விதியைப் பூட்டச் சொன்னவளே அவள்தானே? இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விடிந்தால் கிடைக்கப்போகிற நாற்காலி கண்முன் ஒரு சுற்றுச் சுற்றியது. மெயில் போய்ச் சேருகிற நேரத்தைத்தான் அவர்கள் பார்ப்பார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு மாடியேறினாள்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பில் போனது. ஏப்ரல் ஒன்று, புது வருடக் கணக்கின் முதல் நம்பர். ஒரு மணி நேரத்தில் சீனிவாசகம் கூப்பிட்டார்.

"மெயில் ராத்திரியே வந்துருச்சும்மா. ஆனா எங்க ஊர்ல இன்னும் பொறக்காத தேதியில பில்லு போட்டிருக்கீகளே! மானியக்காரன் தேதியத்தாம்மா பாப்பான்."

ஹரிஷ்குமார் ஓடிவந்தான். "பன்னெண்டரை வரைக்கும் அங்க முப்பத்தொண்ணுதான்க்கா. தேதிய மாத்தி இன்னொண்ணு அனுப்பிருவோம்."

"எப்படி சார்? மார்ச் தேதின்னா போன வருசக் கணக்குலதான் நம்பர் எடுக்கணும். நேத்துப் போடாத பில்ல நேத்துப் போட்டோம்னு எழுதணும். அதான் பூட்டி வச்சிருக்கே."

"பூட்டுனவன்ட்ட சாவி இல்லாமலா இருக்கும்? பில்ல நீ போடுக்கா, அப்பாட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் போட்டாள். முதல் பில்லை ரத்து செய்தாள். முப்பத்தொன்று என்று அடிக்கும்போது விரல் தயங்கியது உண்மை. தயங்கிய விரல்தான் அனுப்பவும் செய்தது.

சீனிவாசகம் இந்தத் தடவை சத்தம் போடவில்லை. "ஒரே வேலைக்கு ரெண்டு பில்லு, ரெண்டு தேதி, ரெண்டு வருசத்து நம்பர். முதல்ல வந்தத நான் பாக்கவே இல்லன்னு சொல்லச் சொல்றியாம்மா? உன்ன நம்பித்தான் நாலு வருசமா ஒரு கேள்வி கேக்காம கையெழுத்துப் போட்டேன்." போனை வைத்துவிட்டார். மானியம் அன்றிரவே காலாவதியானது. அடுத்த மாதம் நூலகம் வேறு கம்பெனிக்குப் போனது.

பணம் போன மறுநாளே முதலாளி அவளைக் கீழே கூப்பிட்டார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார், எல்லார் காதிலும் விழட்டும் என்று.

"காலண்டர் அடிக்கிற வீட்டுல தேதி தெரியாதவளக் கணக்குல வச்சிருந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!"

பக்கத்தில் நின்ற ஹரிஷ்குமாரை இசைவாணி பார்த்தாள். அவன் அன்றைய தாளில் ராகு காலம் எப்போது என்று வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

மறு வாரம் நாற்காலி வந்தது. அதில் முதலாளியின் அண்ணன் மகன் அய்யாதுரை உட்கார்ந்தான். கெட்டவனில்லை. சாத்தூர்ச் சேவு வாங்கிவந்து முதல் பொட்டலத்தை அவளிடம்தான் நீட்டினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நீங்கதான் சொல்லித் தரணும். அன்னிக்குத் திடீர்னு சித்தப்பா கூப்பிட்டு, ஏப்ரல்லருந்து நீதான் மேனேஜர்ன்னு சொல்லிட்டாக."

"என்னிக்கு?"

"முப்பத்தொண்ணாந் தேதி. மத்தியானச் சாப்பாட்டு நேரம்."

அவள் பில்லோடு கீழே போனது நாலு மணிக்கு.

"அன்னிக்கு அவுகளுக்குச் சந்திராஷ்டமமாச்சே?" என்றாள்.

"எனக்கு இல்லையேக்கா!" என்று சிரித்தபடி அய்யாதுரை நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

இசைவாணி ஒரு வாய் சேவு அள்ளிப் போட்டுக்கொண்டாள். நல்ல காரம். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, அவனுக்கு எதிரே கையில்லாத நாற்காலியை இழுத்துப் போட்டு, சிகாகோவில் இப்போது என்ன தேதி என்பதிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.