இருபத்தாறாவது எண்

மலையில் வேலை கிடைத்தபோது, ஆறு மாதத்தில் கீழே வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகிற வழியில் இருந்த ஒரு நடுநிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நான் கணக்கு டீச்சர். கணவரும் இரண்டு வயது மகளும் ஆத்தூரில் மாமியார் வீட்டில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் இறங்கிப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மாலையே ஏறி வந்துவிட வேண்டும். மகள் என்னிடம் ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கிற நேரத்தில் நான் புடவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருப்பேன்.

எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். மார்கழியில் ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும், மூடினால் பகலிலும் விளக்குப் போட வேண்டும். மாற்றல் கேட்டு நான்கு மனு கொடுத்திருந்தேன். நான்குக்கும் பதில் இல்லை. ஐந்தாவதைக் கொடுத்தபோது தலைமையாசிரியர் சொன்னார்:

"ஏனுங்க டீச்சர், அடுத்த மாசம் ஆபீசர் வகுப்பு பார்க்க வர்றாருங்க. நல்லா நடத்திக் காட்டுங்க. அவரு ஒரு வார்த்தை எழுதிட்டா வேலை முடிஞ்ச மாதிரிங்க."

நான் பகா எண்கள் பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பார்க்க நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். பெரிய கறுப்பு அட்டையில் பத்துக்குப் பத்தாகக் கட்டம் போட்டு ஒன்றிலிருந்து நூறு வரை எழுதினேன். ஒன்றை முதலில் அடித்துவிட வேண்டும். அது பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. பிறகு இரண்டை விட்டுவிட்டு அதன் மடங்குகளை எல்லாம் அடிக்க வேண்டும். அடுத்து மூன்றை விட்டுவிட்டு அதன் மடங்குகள், அப்புறம் ஐந்து, அப்புறம் ஏழு. அடிபடாமல் மிஞ்சுகிற இருபத்தைந்தும் பகா எண்கள்.

அதை ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். இரண்டுக்கு ஒரு பிள்ளை, மூன்றுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக் கொடுத்தேன். ஏழு கொஞ்சம் சிக்கல். அதற்குள் மற்றவை அடிபட்டுப் போயிருக்கும். புதிதாக அடிக்க வேண்டியவை நாற்பத்தொன்பது, எழுபத்தேழு, தொண்ணூற்றொன்று மூன்றுதான். கெட்டிக்காரப் பெண் ஒருத்தியிடம் அந்த மூன்றையும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். நானும் கைடைப் பார்த்துத்தான் சொன்னேன். ஏன் ஏழோடு நிறுத்துகிறோம் என்று நான் யோசித்ததே இல்லை.

அதிகாரி வந்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வரவில்லை. காப்பிப் பழம் பறிக்கிற நாட்கள். அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது.

அதிகாரி பின் பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவில் மடக்கிய முழங்காலோடு உட்கார்ந்தார். தலைமையாசிரியர் வாசலில் நின்றார். இரண்டு நன்றாகப் போனது. ஐந்து நெடுவரிசைகள் மொத்தமாகக் காலியாகி, இரண்டு மட்டும் நின்றது. மூன்று சாய்வாக இறங்கியது. ஐந்து ஒரே கோடு. ஏழு வந்ததும் வகுப்பைப் பார்த்தேன். கை தூக்கியது ஒருத்திதான். அதிகம் பேசாத, எப்போதும் முதல் வரிசை ஓரத்தில் உட்காருகிற பெண். கூப்பிட்டேன், வேறு வழியில்லை.

அவள் வாய்க்குள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு எண்ணாகத் தொட்டாள். அடிபட்டிருந்தால் தாண்டினாள். நாற்பத்தொன்பதை அடித்தாள். எழுபத்தேழை அடித்தாள். எண்பத்து நாலைத் தொட்டுவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதானுங்க டீச்சர்."

மிஞ்சியதை எண்ணச் சொன்னேன். வகுப்பு முழுக்கச் சேர்ந்து எண்ணியது. இருபத்தாறு.

"மறுபடி எண்ணுங்க" என்றேன். மறுபடியும் இருபத்தாறு.

அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். "இருபத்தஞ்சுதானே வரணும்? எது அதிகம் டீச்சர்?"

அட்டையைப் பார்த்தேன். ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்த அந்த மூன்றாவது எண் அப்போது என் தலையில் இல்லை. மிஞ்சிய எல்லாமே பகா எண் மாதிரித்தான் தெரிந்தன. ஐம்பத்து மூன்றா, எழுபத்தொன்றா? வாசலில் தலைமையாசிரியர், முன்னால் அதிகாரி, சுற்றி நாற்பது முகங்கள். ஜன்னலுக்கு வெளியே பனி, ஒரு மரம்கூடத் தெரியவில்லை.

"பதினொண்ணு, பதிமூணு எல்லாம் இருக்கே. அதோட மடங்கையும் அடிச்சா குறையுமோ?" என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

"பாடத்துல ஏழு வரைக்கும்தான் சார் இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அந்தப் பெண் இன்னும் அட்டை பக்கத்திலேயே நின்றிருந்தாள். தன்னால்தான் தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "டீச்சர், ஏழாம் வாய்ப்பாடு எண்பத்தி நாலோட முடிஞ்சிருச்சுங்க" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. நான் அவர்களுக்குப் பன்னிரண்டு வரைதான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"வாய்ப்பாடு முடிஞ்சாலும் ஏழு முடியல கண்ணு. இன்னும் ஒரு ஏழு கூட்டு."

விரல் விட்டு எண்ணினாள். "தொண்ணூத்தி ஒண்ணு!" என்று கத்திவிட்டு, பெரிதாக ஒரு கோடு போட்டாள். அடுத்த தொண்ணூற்றெட்டு ஏற்கெனவே இரண்டால் அடிபட்டிருந்தது. கீழ் வரிசையில் தொண்ணூற்றேழு மட்டும் தனியாக நின்றது.

அதிகாரி தலையசைத்தார். மதியம் ஆபீஸ் அறையில் என்னிடம் மரியாதையாகவே பேசினார். "உங்க மனு பாத்தேன்மா. இன்னைக்கு நடந்ததை வெச்சு எழுதினா உங்களுக்கே நல்லா இருக்காது. அடுத்த தடவை பாக்கலாம்." அடுத்த தடவை என்றால் அடுத்த வருடம். "சரிங்க சார்" என்றேன். திட்டியிருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

அவர் கிளம்புவதற்குள் என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். அழ வேண்டும் போலிருந்தது, ஆனால் ரைட்டர் மனைவி விசாரிப்பாள் என்று அறைக்குப் போகவில்லை. காலி வகுப்பில் உட்கார்ந்து அந்த அட்டையையே பார்த்தேன். பதினொன்றின் மடங்குகளைத் தேடினேன். இருபத்திரண்டு அடிபட்டிருந்தது. முப்பத்து மூன்று, ஐம்பத்தைந்து, எழுபத்தேழு, எல்லாமே ஏற்கெனவே அடிபட்டிருந்தன. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினேன். நூற்றிருபத்தொன்று, அட்டைக்கு வெளியே. நூற்றுக்குள் இருக்கிற எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் இரண்டும் ஒருசேரப் பத்தைத் தாண்ட முடியாது. ஒன்றாவது பத்துக்குள் அகப்பட வேண்டும். பத்துக்குள் இருக்கிற பகா எண்கள் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. அவ்வளவுதான்.

கைடில் இல்லாத ஒன்றை நானாகக் கண்டுபிடித்தது அதுவே முதல் முறை. சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. சந்தோஷமாகவும் இருந்தது, அங்கேயே இன்னொரு வருடம் இருக்க வேண்டும் என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

திங்கட்கிழமை புது அட்டை மாட்டினேன். யாருக்கும் எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை. காப்பி பறிக்கப் போன பெண் கையைத் தூக்கி, "ஏனுங்க டீச்சர், பதினொண்ணோட மடங்கை அடிக்க வேண்டாங்களா?" என்று கேட்டாள்.

"அடிச்சுப் பாரு" என்றேன்.

மாற்றல் வர இன்னும் இரண்டு வருடம் ஆனது.