புளி போட்டுத் துலக்கிய வேன்

லிட்டில் இந்தியாவிலிருந்து நான் பூமாலை ஏற்றிப்போகும் வேனுக்குக் கூத்தாடும் ஆசை வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் நம்பர் பிளேட் விளக்கு அரைத்தூக்கத்தில் விழிக்கும். இடது சிக்னல் போட்டால் பின்னால் உள்ள சிவப்பு விளக்குகளும் கூடவே கண்ணடிக்கும். ஒரு டாக்சிக்காரர் பக்கத்தில் நிறுத்தி, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறதே அங்கிள் என்று விசாரித்தார்.

அன்று நாலு மணிக்கு வாகனச் சோதனை. தேறாவிட்டால் மறுநாள் தோ பாயோ கோயில் கல்யாணத்துக்கு மாலைகளை என் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் ரயிலேற வேண்டும்.

என் மனைவியின் தம்பி ஈசூனில் கார் எலக்ட்ரீஷியன். அவரிடம் ஓடினேன். அவர் வயரிங் படத்தைப் பானெட்டில் விரித்தார். நதிகள், கிளைநதிகள் என்று நான் தொடங்கியதுமே கையமர்த்தினார்.

"கவிதை அப்புறம் லா மச்சான். கோட்டைப் புடிச்சுப் போங்க."

பிடித்துப் போனேன். பேட்டரி, ஃப்யூஸ், பிரேக் சுவிட்ச், விளக்கு. இடப்பக்க விளக்குகளிலிருந்து கிளம்பிய கருப்புக் கோடுகள் ஒன்றுசேர்ந்து, வரவரக் குறுகும் மூன்று கோடுகளில் முடிந்தன. திருநீற்றுப் பட்டையா என்று கேட்டேன்.

"எர்த். கரண்ட் வீட்டுக்குத் திரும்புற வழி. அது அடைச்சுக்கிட்டா பக்கத்து விளக்குக்குள்ள பூந்து போகும்."

அந்த எர்த் வயரை வேன் தகட்டோடு இறுக்கும் போல்ட் இருந்தது பின்னால் இடது மூலையில், தண்ணீர் தெளித்த மாலைக்கூடைகளை நான் தினமும் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே. துருவேறிக் கிடந்தது. என்னைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை விளக்கின் கருப்பு வயரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டியது, நாலு வோல்ட் காட்டியது.

பிறகு விளக்கின் கனெக்டரைக் கழற்றினார். உள்ளே பாசிபோல் பச்சைக் களிம்பு. முகர்ந்து பார்த்தார்.

"மச்சான், இதுல என்ன போட்டீங்க?"

ஒப்புக்கொண்டேன். போன வாரம் பச்சையைப் பார்த்ததும், வீட்டில் குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். இரண்டு நாள் தங்கமாய் மின்னியது.

"அக்கா தேய்ச்சாக் கழுவித் துடைப்பாங்க. நீங்க ரசம் வெச்சு மூடிட்டீங்க."

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். போல்ட்டைச் சுற்றித் தகடு வெள்ளையாகும்வரை உப்புத்தாள், வயர் முனைக்கும் அதே. கனெக்டருக்குள் கிளீனர் ஸ்ப்ரே, சின்ன பிரஷ், மறுபடி ஸ்ப்ரே. நன்றாகக் காயும்வரை மாலைகள் வாடாமல் வீச வைத்திருக்கும் விசிறியால் நான் வீசினேன். போல்ட்டை முதலில் இறுக்கி, அதன்மேல்தான் கிரீஸ் பூசினார். கனெக்டருக்குள் ஒரு துளி. பேட்டரியை மாட்டி மறுபடி அளந்தால், மீட்டர் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை.

நாலு மணிக்குச் சோதனை நிலையத்தில் பிரேக்கை மிதித்தேன். பிரேக் விளக்கு மட்டும் எரிந்தது, சம்பந்தி வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் அடக்கமாக. தேறிவிட்டது.

இரவு சாப்பாட்டுக்கு மச்சானும் வந்தார். காலையில் மாலைக்கூடைகளுக்கு அடியில் வைக்கப் பெரிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று கேட்டேன். எதற்கு என்றாள் மனைவி. நான் வாய் திறக்குமுன், மச்சான் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சினார்.

"புளி கம்மியா இருக்குக்கா. மீதி வேன்ல இருந்துச்சு, நான்தான் கழுவி விட்டுட்டேன்."