ரிவெட் தெரியாத கூலிங் கிளாஸ்

அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சி பெரிய கடைவீதிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருந்தது. உள்ளே என் கணவர் கண்ணாடி வெட்டி, சாணை பிடித்துச் சட்டத்தில் பொருத்துவார். வெளியே வியாபாரத்தைக் கவனிப்பது நான்.

ஒரு நாள் காலையில், ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ் டிரைவர் ஒருவர் கடைக்குள் ஏறியதும் கையிலிருந்த கூலிங் கிளாஸை மேஜைமேல் போட்டார். அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. கண்ணாடியின் காலை மடக்கும் கீலில் திருகு கழன்றதென்று போன மாதம் எங்களிடம் கொடுத்து மாட்டி வாங்கிப் போனவர்.

"அசலைக் கொடுத்தேன், டூப்ளிகேட்டைக் கொடுத்திருக்கீங்க. என் மச்சான் சொல்றாரு."

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மச்சானும் கூடவே நின்றார். அவர் சட்டைப்பையில் அதே கம்பெனிக் கண்ணாடி. தெருவில் போனவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். மச்சானுடையதில், கீலை ஒட்டிய ஓரத்தில் கம்பெனியின் எழுத்து கண்ணாடியிலேயே அரித்துப் பொறிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். நகத்தால் தடவினால் இடறும். டிரைவருடையதில் வெள்ளை மையில் எழுத்து; ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்ததும் போய்விட்டது. காலின் உட்பக்கத்தில் மச்சானுடையதில் பொன்னிற எழுத்துகள் பள்ளமாகப் பதிந்திருந்தன. இதில் மேலாக அச்சடித்து, வேர்வை பட்டுப் பாதி அழிந்திருந்தது. மச்சானுடையதில் கீலைப் பிடித்த ரிவெட் ஆணிகள் சட்டத்தைத் துளைத்து வந்து, முன்பக்க மூலைகளில் இரண்டிரண்டு வெள்ளிப் புள்ளிகளாக மின்னின. இதில் பிளாஸ்டிக்கைச் சுடவைத்துக் கீலை அழுத்தியிருந்தார்கள். முன்பக்கம் வெறுமையாக இருந்தது.

"டூப்ளிகேட்தான் அண்ணே. ஆனா நாங்க மாத்தல."

"பின்ன எங்கண்ணன் டூப்ளிகேட் அனுப்பிச்சாரா?"

சாயங்காலம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். என் கணவர் உள்ளேயிருந்து வெளியே வந்தார். "புதுசா ஒண்ணு கொடுத்துடுவோம். கடை பேரு கெட வேண்டாம்" என்றார்.

"கொடுத்தா திருடுனோம்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். கொடுக்க மாட்டேன்."

அன்று மத்தியானம் முழுக்க எனக்குக் கோபம் அடங்கவில்லை. எங்களிடம் வருவதற்கு முன் அந்தக் கண்ணாடி எப்படி இருந்தது என்று பார்த்தவர் யார்? யோசித்துக்கொண்டே இருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. திருகு மாட்ட வந்த அன்று, இதைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் படம் எடுத்ததாக அவர் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் இருவரும் வந்ததும், "உங்க வீட்டுக்குப் போவோம். அந்தப் போட்டோவை நான் பார்க்கணும்" என்றேன். டிரைவர் தயங்கினார். மச்சான்தான், "வரட்டுமே, பார்த்துடுவோம்" என்றார். பூதக்கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கினோம்.

டிரைவரின் மனைவி படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தார். பெரிய படம், முகம் தெளிவாக விழுந்திருந்தது. பூதக்கண்ணாடியை மச்சானிடமே கொடுத்தேன்.

"மூலையப் பாருங்க. உங்களுதுல இருக்கிற புள்ளி இதுல இருக்கா?"

அவர் ஜன்னலோரம் போய் வெகுநேரம் பார்த்தார். தன் கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் மெதுவாக, "இல்ல மாப்ளே. இது அப்பவே டூப்ளிகேட்தான். அண்ணனை அங்கேயே யாரோ ஏமாத்தியிருக்காங்க" என்றார்.

டிரைவர் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ஏமாந்ததுதான் அவருக்கு அதிகம் வலித்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்து, "மனசுல வச்சுக்காதீங்கம்மா. காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றார்.

"காப்பி குடிக்கிறேன். ஆனா உங்க வீட்டுக்காரர் கடைத்தெருவுல நின்னு சொன்னாரு. அங்கேயே வந்து இல்லைன்னு சொல்லணும்."

மறுநாள் டிரைவர் வந்தார். நேற்றுக் கூட்டம் கூடிய அதே இடத்தில், பக்கத்துக் கடைக்காரர்கள் காதில் விழும்படி, "இவங்க மாத்தல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றார். என் கணவர் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நேரான கோடு நெளிந்தது. அதனால்தான் வண்டி ஓட்டும்போது தலைவலி என்றார் டிரைவர். அதே சட்டத்தில் நல்ல சாம்பல் நிறக் கண்ணாடி வெட்டிப் பொருத்திக் கொடுத்தார் என் கணவர். அண்ணனுக்கு எதுவும் எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டு டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து பழுதுபார்க்க எந்தக் கூலிங் கிளாஸ் வந்தாலும், கொண்டுவந்தவர் எதிரிலேயே எழுத்தையும் கீலையும் காலின் உட்பக்கத்தையும் பார்த்து, அசலா நகலா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவேன். சிலர் முகம் சுளித்து வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.