கோவுக்கு ஜியா, கேயா?

என் இனிஷியல் கோ. அப்பாவின் பெயரில் முதல் எழுத்து அது. தமிழில் எழுதும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. இங்கிலீஷில் எழுதப் போனால்தான் கே என்று ஒருவர் போடுவார், ஜி என்று இன்னொருவர் போடுவார். இரண்டுமே தப்பில்லை என்பதுதான் எரிச்சல்.

பள்ளியில் எனக்கு ஜி போட்டார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பட்டம், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஜிதான். ஆதார் எடுத்த முகாமில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் "இனிஷியல் என்னங்க?" என்று கேட்க, அம்மா முந்திக்கொண்டு "கோ" என்றார். அவர் கே என்று தட்டினார். அன்றைக்கு யாருக்கும் அது தெரியவில்லை. பிறகு ஆதாரைக் காட்டி எடுத்த பான் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாமே கே என்றே வந்தன. ஒரு எழுத்துதானே என்று நானும் விட்டுவிட்டேன். யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டது தர்மபுரிக்கு வெளியே ஒரு கல்லூரி வாசலில். வங்கி கிளார்க் தேர்வு. சான்றிதழில் உள்ளபடி ஜி என்றே விண்ணப்பித்திருந்தேன். வயது வரம்பின்படி அதுவே எனக்குக் கடைசித் தடவை. கல்யாணமான பிறகு வேலையும் சமையலும் முடித்து, மற்றவர்கள் டிவி பார்க்கும் நேரத்தில் படித்திருந்தேன். பென்னாகரத்திலிருந்து வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். சீக்கிரமே வந்துவிட்டோம். அந்தப் பெருமையில் வரிசையில் நின்றேன்.

வாசலில் சோதித்த பெண் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், மறுபடி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்.

"இதுல ஜி இருக்குங்க. ஆதார்ல கே இருக்குது. நேம் மேட்ச் ஆகல."

"ரெண்டும் எங்கப்பா பேருதாங்க மேடம்."

"இருக்கலாங்க. எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். ஹால் டிக்கெட்லயே போட்டிருக்குது, படிச்சுப் பாருங்க."

படித்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொண்ட பெண்களுக்கான எச்சரிக்கை என்று நினைத்துக் கடந்துபோயிருந்தேன். நான் பெயரை மாற்றவில்லையே என்று ஒரு இறுமாப்பு வேறு.

மதிப்பெண் சான்றிதழைக் காட்டினேன். அது அடையாள அட்டை ஆகாது என்றார். பான் கார்டை எடுத்தேன், கே. வாக்காளர் அட்டை, கே. ஒவ்வொன்றாக நான் எடுக்க எடுக்க எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. பின்னால் நின்றவர்கள் என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார். "ஒரு எழுத்துக்கு இப்படிப் பண்றீங்களே" என்றார். சும்மா இருங்கள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அந்தப் பெண்மேல் காட்ட முடியாத கோபத்தை யார்மேலாவது காட்டவேண்டியிருந்தது.

"போட்டோ ஒட்டி சீல் வெச்ச பேங்க் பாஸ்புக் இருந்தாக் கூட போதுங்க" என்றார் அந்தப் பெண். "அதுல ஜி இருக்கணும். ஜெராக்ஸும் வேணும். கேட் சாத்தறதுக்குள்ள வந்துருங்க."

பாஸ்புக். பள்ளியில் உதவித்தொகைக்காக ஒரு கணக்கு தொடங்கினார்களே, பள்ளிப் பதிவேட்டைப் பார்த்துத்தானே பெயர் எழுதினார்கள். அது இண்டூரில் அம்மா வீட்டு பீரோவில் இருக்கும். இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, பச்சை அட்டை பாஸ்புக்கு. என் போட்டோ ஒட்டியிருக்கும். அதுல என் பேருக்கு முன்னால ஜின்னு இருக்குதான்னு பாருங்க."

"எனக்கு ஜி எதுன்னு தெரியுமாம்மா?"

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. ஆறு என்ற எண் மாதிரி வளைந்திருக்குமா, குச்சிகுச்சியாக நிற்குமா என்று கேட்டேன். பீரோ திறக்கும் சத்தம், அம்மா ஏதோ திட்டும் சத்தம். பிறகு அப்பா சொன்னார்.

"வளைஞ்சிதான் இருக்குது. வயித்துல ஒரு சின்னக் கோடு."

"அதேதாம்பா. எடுத்துக்கிட்டு வந்துருங்க. வேகமா வாங்க, ஆனாப் பாத்து வாங்க."

அவரிடம் இருப்பது ஒரு பழைய மொபட். மேடு வந்தால் முனகும். நான் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் எதிர்க்கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். வரிசை கரைந்தது. கேட்டின் ஒரு பக்கக் கதவைச் சாத்தினார்கள். படித்ததெல்லாம் தலையிலிருந்து கழன்றுபோய், ஜி, கே, ஜி, கே என்று அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அழுதுவிட்டேன்.

அப்பா வந்தபோது துண்டு கழுத்தில் இல்லை, வழியில் பறந்திருக்கும். பாஸ்புக்கைச் சட்டைக்குள் பனியனோடு சேர்த்துச் செருகியிருந்தார். வியர்வையில் அட்டை நனைந்திருந்தது. வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டு ஓடி ஜெராக்ஸோடு திரும்பினார். சோதித்த பெண் போட்டோவைப் பார்த்தார். இரட்டை ஜடை, ரிப்பன். என் முகத்தைப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"நான்தாங்க."

முத்திரை பாதி போட்டோவிலும் பாதி தாளிலுமாக விழுந்திருந்தது. பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு "போங்க" என்றார். நான் உள்ளே ஓடும்போது பின்னால் கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

அதோடு முடியவில்லை. இருக்கையில் உட்கார்ந்ததும் வருகைத் தாள் வந்தது. விண்ணப்பத்தில் நான் ஏற்றிய கையெழுத்தை அதில் அச்சடித்திருந்தார்கள். அதன் பக்கத்தில் அதே மாதிரி போட வேண்டும். ஜி, புள்ளி, பிறகு சேர்த்தெழுதிய பெயர். கல்லூரிக் காலத்திலிருந்து போட்டுவரும் கையெழுத்து. பேனாவை வைத்தேன். கை கே என்று எழுதிவிட்டது.

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார். "இது வேற மாதிரி இருக்குதுங்களே."

என் அப்பாவின் எழுத்து எது என்று என் கைக்கே தெரியாமல் போய்விட்டது. "பதட்டத்துல தப்பாப் போட்டுட்டேன் சார்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதை ஒரு கோட்டால் அடித்து, கீழே நிதானமாகப் போடச் சொன்னார். போட்டேன். அச்சிலிருந்ததையும் போட்டதையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அடித்தலுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டார். தேர்வு எழுத வேண்டிய கம்ப்யூட்டர் திரை பக்கம் திரும்பினேன். எப்படி எழுதினேன் என்று நினைவில்லை, ஆனால் முழுவதும் எழுதினேன்.

வெளியே வந்தபோது அப்பா மொபட்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் டீ வாங்கப் போயிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் அவர்மேலேயே திரும்பியது.

"உங்க பேருக்குக் கேயா ஜியாப்பா? ஒழுங்கா ஒண்ணைச் சொல்லுங்க."

அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"தெரியலம்மா. கூப்புட்டா திரும்பிப் பாப்பேன். அது எந்த எழுத்துன்னு இதுவரைக்கும் எவனும் கேட்டதில்ல" என்றார். பிறகு, ஏதோ பெரிய தவறு செய்தவர்போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என் பேரு உனக்கு வேணுமாம்மா, இல்ல அதை எடுத்துட்டாச் சுலபமா இருக்குமா?"